பில் தேதியும் மாட்டிய தேதியும்: ஒரு வாரண்டி கார்டை அரபியில் எழுதிய அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன டைப்பிங் கடை. லால்பேட்டை மதரஸாவில் ஓதியவன் நான். அப்புறம் சவூதியில், ஜுபைலில், ஒரு கம்பெனி ஆபீஸில் ஒன்பது வருஷம் அரபிக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். ஊர் திரும்பியதிலிருந்து பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, கடைக் கணக்கு என்று அரபியில் என்ன கேட்டாலும் செய்கிறேன். நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் வேலைக்குக் குறைவில்லை.

2025 மே மாதம், கத்திரி வெயிலில், நெல்லிக்குப்பத்து பாய் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் தம்பி தம்மாமில் ஒரு தமிழ் மெஸ் திறந்திருக்கிறார். மாவு அரைக்கப் புதுச்சேரியில் ஒரு கடையில் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் வாங்கி, கப்பல் கார்கோவில் அனுப்பியிருக்கிறார்கள். மெஸ்ஸில் இருக்கும் எல்லா மிஷினையும் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பராமரிப்புக் கடையோடு ஒப்பந்தம் போடப் போகிறார்கள். ஒப்பந்தம் போடுகிறவர் கேட்டது ஒன்றுதான்: கிரைண்டரின் வாரண்டிக் காகிதத்தை அரபியில் கொடுங்கள், வாரண்டியில் எது வராதோ அதற்குத்தான் நான் காசு வாங்க முடியும்.

இப்படிக் கேட்கிறவருக்கு மொழிநடை முக்கியமில்லை. எந்தத் தேதி வரை, எந்தப் பாகத்துக்கு, எந்தக் காரணத்துக்கு இல்லை என்ற மூன்றுக்கும் ஆங்கிலக் கார்டு என்ன பதில் சொல்கிறதோ, அதே பதிலை அரபிக் காகிதமும் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு கார்டில் அது எங்கெங்கே வழுக்கியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் போட்டோ. வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு படம். டியூப்லைட் வெளிச்சம், கார்டுக்கு மேலே ஃபிளாஷ் அடித்த வெள்ளை வட்டம், ஓரத்தில் ஒரு கட்டைவிரல். தேதி இருந்த கட்டத்தின் மேல் கடைக்காரர் ஊதா மை முத்திரையை அழுத்திக் குத்தியிருந்தார். நாள் 05 தெரிகிறது, வருஷம் 2024 தெரிகிறது. மாதத்தின் இரண்டாவது எண்ணில் வலது பக்கம் மட்டும் இரண்டு வளைவு தெரிகிறது. இடது பக்கம் முத்திரையின் விளிம்பு. அது 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். ஐந்து மாத வித்தியாசம்.

"மார்ச்சா ஆகஸ்டா பாய்?" என்று கேட்டேன்.

"மார்ச்சுன்னுதான் நெனக்கிறேன் தம்பி. போன வருஷம் நோன்பு சமயம்."

கார்டில் சீரியல் நம்பர் 2403 என்று தொடங்கியது. 24 என்பது வருஷம், 03 என்பது மாதம் என்று எடுத்துக்கொண்டால் மார்ச்சுக்குச் சரியாகப் பொருந்துகிறது. கை அப்போதே டைப் அடிக்கப் போய்விட்டது. ஆனால் அந்த நம்பர் மிஷின் செய்த மாதத்தைச் சொல்லலாமே தவிர, விற்ற மாதத்தைச் சொல்லாது. மார்ச்சில் செய்த மிஷின் கடையில் ஐந்து மாதம் நின்று ஆகஸ்டில் விற்றிருக்கலாம். வாரண்டி ஓடுவது விற்ற தேதியிலிருந்து. பொருத்தமாகத் தெரிகிற ஊகம்தான் இந்த வேலையில் ரொம்ப ஆபத்து, ஏனென்றால் அப்புறம் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அதனால் தம்மாமுக்குச் சொல்லி வேறு படம் எடுக்கச் சொன்னோம். கார்டை ஜன்னல் ஓரம் மேஜையில் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுக்க வேண்டும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, தேதிக் கட்டத்தை மட்டும் கிட்டத்தில் ஒன்று. அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். சுருக்கும்போது முதலில் மங்குவது நிற வித்தியாசம். எனக்கோ அந்த நிற வித்தியாசம்தான் தேவை. முத்திரை ஊதா, பேனா நீலம். ஊதாவில் சிவப்பு கலந்திருப்பதால், படத்தில் சிவப்பு நிறப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் முத்திரை வெளுத்துவிடும், பேனா எழுத்து கறுப்பாக நிற்கும். புதுப் படத்தில் அப்படிப் பார்த்தபோது இடது பக்க வளைவும் தெரிந்தது. 8. பாய் வீட்டில் பில்லைத் தேடி எடுத்தார், அதிலும் 05/08/2024. நோன்பு சமயத்தில் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், பாய்க்கு அதுதான் நினைவில் நின்றிருக்கிறது.

பில் கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றால், மாதம் இருக்கும் இடத்தில் சதுர அடைப்புக்குள் 'கைர் மக்ரூ', படிக்க இயலவில்லை என்று எழுதி, காரணம் முத்திரை மூடியிருக்கிறது என்றும் சேர்த்திருப்பேன். கார்டும் பில்லும் வேறு வேறு தேதி சொல்லியிருந்தால் கார்டில் இருப்பதைத்தான் எழுதுவேன், பில்லைத் தனியாகப் பெயர்த்துக் கூட வைப்பேன். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது என் வேலை இல்லை. அதேபோல, அச்சடித்த எழுத்து எது, கையால் நிரப்பியது எது, காலியாக விட்ட கட்டம் எது, முத்திரை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அரபியில் குறித்துவிடுவேன். பக்கத்தின் தலையில், இது போட்டோவைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு, அசலைப் பார்க்கவில்லை என்று ஒரு வரி.

பின்பக்கப் படம் வந்தபோதுதான் தெரிந்தது, முழு நிபந்தனையும் அங்கேதான் இருந்தது. முன்பக்கத்தில் அடியில் சின்ன எழுத்தில் 'பின்பக்கம் பார்க்க' என்று இருந்ததைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.

இனி காலம். கார்டில் இருந்த வாசகம் நம் ஊர் மிஷின் கார்டுகளில் அடிக்கடி வருவதுதான்: மாட்டிய தேதியிலிருந்து 12 மாதம், அல்லது பில் தேதியிலிருந்து 18 மாதம், 'விச்செவர் இஸ் இயர்லியர்'. எது முந்தியோ அது. நான் முதலில் அரபியில் 'அய்யுஹுமா அஸ்பக்' என்று எழுதினேன். இரண்டில் எது முந்தியதோ அது. சொல்லுக்குச் சொல் சரி. அரபியில் பார்த்துப் பழகிய தொடர்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த மாதிரிக் காகிதத்தை முடித்ததும் என்னோடு ஓதிய நண்பர் ஒருவருக்கு அனுப்புவேன். அவர் பரங்கிப்பேட்டையில் ஓதிக்கொடுக்கிறார். ஆங்கிலக் கார்டை அவருக்குக் காட்ட மாட்டேன். "மொழிபெயர்ப்பு நல்லா இருக்கா ஹஜ்ரத்?" என்றும் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். பதிலாக, தேதி போட்டு ஒரு சம்பவம் சொல்லிக் கேட்பேன். அன்றைக்குக் கேட்டது இது: பில் 2024 ஆகஸ்ட் 5. மெஸ் லைசன்ஸ் இழுத்ததால் நோன்புப் பெருநாள் கழிந்து 2025 ஏப்ரல் 10 அன்றுதான் மாட்டினார்கள். 2026 மார்ச் 1 அன்று மோட்டார் எரிந்தால் இலவசமா?

கணக்கு இப்படி. மாட்டிய தேதியிலிருந்து 12 மாதம் என்றால் 2026 ஏப்ரல் 10. பில் தேதியிலிருந்து 18 மாதம் என்றால் 2026 பிப்ரவரி 5. முந்தி முடிவது பிப்ரவரி 5. அதனால் மார்ச் 1 அன்று வாரண்டி இல்லை. ஹஜ்ரத்தும் "இல்லை, பிப்ரவரியிலேயே முடிஞ்சு போச்சு" என்றார். எனக்குத் திருப்தி.

போனை வைக்கப் போகும்போது அவரே சொன்னார்: "பில் தேதிதானே முந்தின தேதி. அதுலேர்ந்து பதினெட்டு மாசம் எண்ணினேன்."

அங்கேதான் பிடி கிடைத்தது. அவர் விடை சரி, வழி தப்பு. கார்டு சொல்வது எந்தக் கெடு முந்தி முடிகிறதோ அது என்று. அவர் எடுத்துக்கொண்டது எந்தத் தேதி முந்தி வந்ததோ அது என்று. பில் போட்ட பிறகுதான் எந்த மிஷினையும் மாட்டுவார்கள். அப்படியானால் முந்தின தேதி எப்போதும் பில் தேதிதான், 12 மாதம் என்ற பேச்சே கார்டில் வீண். பாயின் தேதிகளுக்கு இரண்டு வழியும் ஒரே விடையில் போய் நின்றதால் தப்பு வெளியே தெரியவில்லை.

வேறு தேதி போட்டுக் கேட்டேன். அதே பில், ஆனால் 2024 ஆகஸ்ட் 20 அன்றே மாட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். "2026 பிப்ரவரி 5 வரைக்கும் இருக்கு" என்றார். சரியான விடை 2025 ஆகஸ்ட் 20. ஐந்தரை மாதம் தூக்கிக் கொடுத்திருக்கிறது என் வாசகம். குற்றம் அவருடையது அல்ல. 'அஸ்பக்' என்ற சொல் தேதியைச் சுட்டுகிறதா கெடுவைச் சுட்டுகிறதா என்று நான் சொல்லாமல் விட்டது. ஆங்கிலத்திலும் அந்த மயக்கம் இருக்கிறதுதான். ஆனால் அங்கே வியாபார வழக்கம் அதைத் தீர்த்து வைத்திருக்கிறது. கடைக்காரரிடம் போனில் ஒரு தடவை உறுதி செய்துகொண்டு இப்படி மாற்றினேன்:

```
مدة الضمان: اثنا عشر (12) شهرًا ميلاديًا من تاريخ التركيب،
أو ثمانية عشر (18) شهرًا ميلاديًا من تاريخ الفاتورة،
وينتهي الضمان بانتهاء المدة التي تنقضي منهما أولًا.
```

கடைசி வரி, 'இந்த இரண்டு கெடுவில் எது முதலில் தீர்கிறதோ அது தீர்ந்ததும் வாரண்டி முடிகிறது' என்று சொல்கிறது. இப்போது 'முதலில்' என்பது தீர்வதோடு ஒட்டி நிற்கிறது, தேதியோடு ஒட்ட இடமில்லை. ஹஜ்ரத்திடம் திரும்ப இரண்டு தேதிச் சோடிகளையும் கேட்டேன், இரண்டும் சரியாக வந்தன. அன்றிலிருந்து ஒரே ஒரு உதாரணத்தை வைத்துச் சோதிப்பதை விட்டுவிட்டேன். தப்பான படிப்பும் சரியான படிப்பும் வேறு வேறு விடை தருகிற மாதிரி ஒரு தேதியைத் தேடிப் போட்டால்தான் அது சோதனை.

மேலே உள்ள வரிகளில் எண்ணை எழுத்தாலும் எழுதியிருக்கிறேன். அரபு நாட்டு எண் வடிவத்தில் ஐந்து என்பது நம் பூஜ்யம் மாதிரி ஒரு வட்டம், பூஜ்யம் வெறும் புள்ளி. சவூதியில் இரண்டு வடிவமும் புழங்குகின்றன. போட்டோ எடுத்த காகிதத்தில் புள்ளி காணாமல் போகும். எழுத்தில் இருந்தால் போகாது. மாதத்துக்குப் பின்னால் 'மீலாதிய்யன்' என்று இருப்பது ஆங்கில மாதக் கணக்கு என்பதற்கு. ஹிஜ்ரி மாதத்தில் பதினெட்டு எண்ணினால் பதினேழு நாள் போலக் குறைந்துவிடும். இது கார்டில் இல்லாத சொல் என்பதால் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் அதைச் சொல்லிவிட்டேன். தேதியை 05/08/2024 என்று விடாமல் 5 அகஸ்தஸ் 2024 என்று மாதப் பெயரோடு எழுதினேன், இல்லாவிட்டால் யாராவது மே 8 என்று படிப்பார்கள்.

அடுத்தது வாரண்டியில் வராதவை. இது ஒரே வாக்கியம்: 'பெல்ட், ரப்பர் புஷ், கல், டிரம் போக்குவரத்தில் சேதமானால் வாரண்டியில் அடங்காது.' ஆங்கிலத்தில் இருந்ததை அதே வரிசையில் தமிழில் சொல்கிறேன். இதில் 'போக்குவரத்தில் சேதமானால்' என்பது நான்குக்குமா, கடைசி இரண்டுக்கு மட்டுமா? நான்குக்கும் என்றால், மெஸ்ஸில் ஓடி ஓடித் தேய்ந்த பெல்ட்டுக்கு வாரண்டி உண்டு என்று ஆகிறது. அரபியில் இதைத் தொட்டதும் இன்னும் சிக்கல். கல் என்ற சொல்லைப் பன்மையில் போட்டால் அது பெண்பால் ஒருமை வினை எடுக்கும். டிரம்முக்கு 'உஸ்துவானா' என்று போட்டால் அதுவும் பெண்பால். வினையை ஒருமையில் வைத்தால் அது டிரம்முக்கு மட்டும் என்றும் படிக்கலாம், நான்குக்கும் என்றும் படிக்கலாம். இருமை வடிவத்தில் வைத்தால் கல்லும் டிரம்மும் என்று நானே தீர்ப்பு எழுதியதாக ஆகும்.

இந்த மாதிரி இடத்தில் எது நியாயமாகப் படுகிறதோ அதை எழுதிவிடலாம் என்று தோன்றும். நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது என் நியாயம், கம்பெனியின் வாக்கு இல்லை. பாயை வைத்துப் புதுச்சேரிக் கடைக்குக் கேட்டோம், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பதில் வாங்கினோம். பெல்ட்டும் புஷ்ஷும் தேயும் சாமான், எந்தக் காரணத்துக்கும் வாரண்டி கிடையாது. கல்லும் டிரம்மும் தயாரிப்பில் விரிசல் இருந்தால் உண்டு, வண்டியில் உடைந்தால் இல்லை. மொழிபெயர்ப்பில் மூல வாக்கியத்தை அதன் மயக்கத்தோடே வைத்தேன். அதற்கு நட்சத்திரக் குறி போட்டு, அடியில், விற்பனையாளர் இன்ன தேதியில் எழுத்தில் அளித்த விளக்கம் என்று இந்த இரண்டையும் இரண்டு தனி வாக்கியமாக எழுதினேன். படிக்கிறவருக்குக் கார்டு என்ன சொன்னது, கடை என்ன சொன்னது என்று இரண்டும் பிரிந்து தெரிய வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தப் பிரிவுதான் பேசும்.

'பழுதான பாகத்தை மாற்றித் தருவோம்' என்ற வரியிலும் ஒரு குழி உண்டு. அரபியில் மாற்றுவதற்கு 'இஸ்திப்தால்' என்ற சொல்தான் எல்லாரும் போடுவார்கள். நாங்கள் ஓதிய இலக்கணப்படி, அந்த வினையோடு வரும் 'பி' என்ற எழுத்து எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதுதான் கைவிடும் பொருள். இன்றைய பத்திரிகை நடையில் பலர் நேர் எதிராக, வாங்கும் பொருளோடு ஒட்டுகிறார்கள். இரண்டு வகைப் படிப்பாளியும் தம்மாமில் இருப்பார்கள். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவதா, புதியதைக் கொடுத்துப் பழையது வாங்குவதா என்று யாரும் நிஜமாகக் குழம்ப மாட்டார்கள்தான். ஆனாலும் ஒப்பந்தக் காகிதத்தில் அந்த வாய்ப்பை ஏன் வைக்க வேண்டும்? 'பழுதான பாகத்தின் இடத்தில் புதிய பாகம் பொருத்துதல்' என்று எழுதிவிட்டேன். இரண்டு சொல் கூடுதல், சண்டை இல்லை.

டைப் அடித்து முடித்து பி.டி.எஃப் ஆக்கியபோது சீரியல் நம்பர் கண்ணில் பட்டது. நான் அடித்தது 2403-0187. காகிதத்தில் நின்றது 0187-2403. அரபி எழுத்துக்குப் பின்னால் வெறும் எண்களும் நடுவில் ஒரு சின்னக் கோடும் வந்தால், திரை அந்தக் கோட்டை அரபி ஓட்டத்தில் எடுத்துக்கொண்டு இரண்டு எண் கூட்டத்தையும் இடம் மாற்றிவிடும். சாய்கோடு போட்டால் இது நடக்காது, அதனால் தேதிகள் தப்பிவிடும். கோடு போட்ட சீரியல் நம்பரும் எஸ்.டி.டி எண்ணுக்குப் பின்னால் கோடு போட்ட போன் நம்பரும் மாட்டிக்கொள்ளும். முன்னால் ஆங்கில எழுத்து இருந்தாலும் மாறாது. அதனால்தான் மாடல் நம்பர் சரியாக நிற்கும்போது சீரியல் நம்பர் மட்டும் புரண்டு நின்றது. எண்ணுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடம்-வலம் குறி ஒன்றை, `U+200E`, சேர்த்தால் சரியாகிவிடும். சேர்த்துவிட்டு பி.டி.எஃப்-ஐயும் மிஷின் தகட்டின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். டைப் அடித்த ஃபைலில் பார்த்தால் போதாது, கையில் கொடுக்கப்போகும் வடிவத்தில் பார்க்க வேண்டும். சீரியல் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் வாரண்டி செல்லாது.

பாய் காகிதத்தை வாங்க வந்தபோது, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். பொறுப்பின் வரம்பு அந்தப் பாகத்தின் விலை வரைதான், கூலியும் வண்டி வாடகையும் வாங்கியவர் பொறுப்பு என்ற இடத்தில் தலையாட்டினார். சர்வீஸ் தமிழ்நாடு, புதுச்சேரிக்குள் மட்டும், வெளியே என்றால் பாகத்தைச் சொந்தச் செலவில் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வரி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்த ஒரு வரிய மட்டும் விட்டுருங்களேன். அங்க இருக்குறவங்க படிச்சா வாரண்டியே இல்லன்னு சொல்லிருவாங்க."

"விட்டா என்ன ஆவும் பாய்? வாரண்டி இருக்குன்னு நம்பி ஒப்பந்தத்துல மோட்டாரச் சேக்க மாட்டாங்க. நாளைக்கு எரிஞ்சா இந்தக் கடையும் வராது, அந்தக் கடையும் வராது. உங்க தம்பிதான் நடுவுல நிப்பாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "சரி, இருக்கட்டும்" என்றார். வரி இருந்தது. அதைத் தடித்த எழுத்தாகவும் ஆக்கவில்லை, சின்ன எழுத்தாகவும் ஆக்கவில்லை. கார்டில் எந்த அளவில் இருந்ததோ அதே அளவு.

இன்னொன்றையும் வாசிக்கும்போதே சொன்னேன், ஆனால் காகிதத்தில் எழுதாமல் வாயால். கார்டில் மோட்டாருக்கு 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. தகட்டில் உள்ளதைவிட வேறு மின்சாரத்தில் ஓட்டினால் வாரண்டி இல்லை என்றும் இருக்கிறது. சவூதியில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். மொழிபெயர்ப்பில் நான் 50 என்பதை 50 என்றுதான் எழுத முடியும். ஆனால் தெரிந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியாது. "கடையில ஒரு வார்த்த கேட்டுருங்க பாய்" என்றேன். அவர் வோல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "அது 230தான் தம்பி, அங்கயும் அதேதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு நாள் கழித்துத் தம்மாமிலிருந்து ஒரு குரல் செய்தியைப் பாய் எனக்குத் தள்ளிவிட்டார். பேசியது அந்தப் பராமரிப்புக் கடைக்காரர். பேச்சைக் கேட்டால் ஏமன் நாட்டுக்காரர் மாதிரி இருந்தது. ளமான், அதாவது வாரண்டிக் காகிதம் படித்தேன், தெளிவாக இருக்கிறது, பிப்ரவரி 5 வரை, பெல்ட் என் கணக்கு, மோட்டார் கம்பெனி கணக்கு என்று வரிசையாகச் சொன்னார். பிறகு, "ஆனால் இதில் கம்ஸீன், ஐம்பது ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதே, இங்கே சித்தீன், அறுபது அல்லவா? மாட்டிய நாளிலிருந்தே மோட்டாருக்கு ளமான் இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், ஒரு மாதமாகவே மாவு சூடாகிறது என்று மாஸ்டர் புலம்பிக்கொண்டிருக்கிறாராம். 50-க்குச் செய்த மோட்டார் 60-இல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். 1440 சுற்று என்று தகட்டில் இருப்பது 1700-க்கு மேலே போய்விடும். டிரம்மும் அதே அளவுக்கு வேகமாகச் சுற்றும், கல்லின் உரசலில் மாவு சூடேறும், மோட்டாருக்கும் சுமை கூடும். ஐஸ் தண்ணி ஊற்றி அரைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

புதுச்சேரிக் கடைக்காரர் முதலில் கோபப்பட்டார். வெளிநாட்டுக்குப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை என்பது அவர் பக்கம், அதுவும் உண்மைதான். பிறகு இறங்கி வந்தார். மோட்டார் அவருக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டார் ஒன்று வரவழைத்துத் தருகிறேன், மோட்டார் விலையும் கார்கோவும் உங்களுடையது, அதற்கு மட்டும் மாட்டிய தேதியிலிருந்து 12 மாதம் தனி வாரண்டி என்று லெட்டர்பேடில் எழுதித் தர ஒப்புக்கொண்டார். டிரம், கல்லுக்குப் பழைய கார்டே ஓடும்.

லெட்டர் எழுதும்போது பாய் எனக்குப் போன் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தார். மூன்று கேட்டேன். 50-ஐ எங்கேயும் விடாமல் 60 ஹெர்ட்ஸ் என்று போடுங்கள். மாட்டிய தேதிக்கு ஆதாரம் என்ன, அந்தப் பராமரிப்புக் கடையின் கையெழுத்தா என்று எழுதுங்கள். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுங்கள்.

அடுத்த நாள் படம் வந்தது, டாக்குமெண்டாகவே. தேதியில் ஜூன் என்று முழுதாக எழுதியிருந்தார். முத்திரையைக் கையெழுத்துக்குக் கீழே, காகிதத்தின் வெற்றிடம் பார்த்துக் குத்தியிருந்தார்.